ஸ்லிப் கேஜ் அடுக்கு

ஸ்லிப் கேஜ் என்பது எதிரெதிர் முகங்கள் இரண்டும் கண்ணாடிபோல் மெருகிடப்பட்ட, அளவு துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டை. ஸ்வீடன் நாட்டின் எஸ்கில்ஸ்டூனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் 1896-இல் இந்த முறைக்கு வடிவம் தந்தார். ஒவ்வோர் அளவுக்கும் தனிக் கேஜ் செய்யாமல், சில கட்டைகளைச் சேர்த்தே எந்த அளவையும் எட்டலாம் என்பதே அவருடைய யோசனை.

இன்று பரவலாகப் புழங்கும் 87 கட்டைப் பெட்டியில் நான்கு வரிசைகள் உண்டு: 1.001 முதல் 1.009 வரை, 1.01 முதல் 1.49 வரை, அரை மி.மீ. ஏற்றத்தில் 0.5 முதல் 9.5 வரை, பிறகு 10 முதல் 100 வரை.

58.975 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கட்டையிலிருந்து தொடங்கினால் முட்டுச்சந்துதான். 50, 8.5 இரண்டையும் எடுத்தபின் மிஞ்சும் 0.475-க்குப் பெட்டியில் கட்டையே இல்லை. ஆகவே கணக்கைக் கடைசி இலக்கத்திலிருந்து போட வேண்டும். 1.005 எடுத்தால் மீதி 57.97. இங்கேதான் புதியவர்கள் தடுக்குவார்கள். 7-ஐ மட்டும் தீர்க்க 1.07 எடுத்தால் மீதி 56.9, அடுத்து 1.40, 5.5, 50 என்று ஐந்து கட்டைகள் ஆகிவிடும். மாறாக, மீதி முழு எண்ணிலோ அரையிலோ முடியும்படி 1.47 எடுத்தால் 56.5 நிற்கும். 6.5, 50 ஆகிய இரண்டோடு வேலை முடிந்தது: நான்கே கட்டைகள்.

ஒரு கட்டை குறைந்தால் என்ன லாபம்? பட்டறைகளில் புழங்கும் முதல் தரக் கட்டைகளில், 10 மி.மீ. வரை 0.20 மைக்ரானும், 50 மி.மீ. கட்டையில் 0.40 மைக்ரானும் கூடவோ குறையவோ இருக்கலாம். எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் நான்கு கட்டை அடுக்கு 1.0 மைக்ரானும், ஐந்து கட்டை அடுக்கு 1.2 மைக்ரானும் தவறலாம். கட்டை கூடும்போது தூசி நுழையும் மூட்டும் ஒன்று கூடும்.

அந்த மூட்டுதான் ரிங்கிங். கரைப்பானால் துடைத்த இரு கட்டைகளைச் சிலுவைபோல் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தியபடி ஒன்றைத் திருப்பி நேராக்கினால் அவை ஒட்டிக்கொள்ளும். காற்றழுத்தம் மட்டுமே காரணமல்ல. வெற்றிடத்திலும் அந்தப் பிடி விடுவதில்லை. தட்டையான முகங்கள் மிக நெருங்கும்போது எழும் மூலக்கூறு ஈர்ப்பும், இடையில் எஞ்சும் நுண்ணிய எண்ணெய் அல்லது ஈரப் படலமும் சேர்ந்து பிடிக்கின்றன.

ஒட்டுவது வசதிக்காக மட்டும் என்று நினைத்தால் தவறு. கட்டையின் நீளமே, அதை ஒரு தட்டையான பரப்பின்மேல் ரிங் செய்து, அந்தப் பரப்பிலிருந்து மேல்முகம் வரையுள்ள தூரமாகத்தான் வரையறுக்கப்படுகிறது. அதாவது ஒரு மூட்டுப் படலத்தின் தடிமனும் அந்த அளவுக்குள் அடக்கம். எல்லா மூட்டும் முறையாக ஒட்டினால்தான் கட்டைகளில் பொறித்த எண்களைக் கூட்டி அடுக்கின் உயரமாகச் சொல்ல முடியும். சும்மா மேலே அடுக்கிவைத்தால், இடையில் சிக்கிய ஒரே ஒரு தூசித்துகள் பல மைக்ரான்களைச் சேர்த்துவிடும்.

நன்றாக ஒட்டும்போது சறுக்கலில் வழுவழுப்பு மெல்லக் குறைந்து பிடி இறுகுவது கையில் தெரியும். உராய்வோ நறநறப்போ உணர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். விளிம்பில் பிசிறு இருக்கலாம், தொடர்ந்து தேய்த்தால் இரண்டு முகமும் கீறிப்போகும். சந்தேகம் இருந்தால் ஆப்டிகல் ஃப்ளாட் என்ற தட்டைக் கண்ணாடியைக் கட்டையின் முகத்தில் ரிங் செய்து பார்ப்பார்கள். ஒட்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் மறையும். அழுக்கோ பிசிறோ தூக்கி நிறுத்தும் இடத்தில் அவை அப்படியே நிற்கும்.

கைச்சூடும் கணக்கில் வரும். இந்த 58.975 மி.மீ. அடுக்கு 20 பாகை செல்சியஸிலிருந்து ஒரு பாகை கூடினால் ஏறத்தாழ 0.7 மைக்ரான் நீளும். எனவே கட்டியபின் சற்று ஆறவிட்டே அளக்க வேண்டும். வேலை முடிந்ததும் சறுக்கிப் பிரித்து, துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைப்பது வழக்கம். நெடுநாள் ஒட்டியபடி விட்ட எஃகுக் கட்டைகளைப் பிரிப்பது கடினம். வலிந்து பிரித்தால் முகங்கள் சேதமாகலாம்.