சீரியல் பாக்கெட் கட்டமைப்பு

இரு மின்பலகைகள் யூ.ஏ.ஆர்.டி. கம்பிவழிப் பேசும்போது, பைட்டு ஓட்டத்தில் செய்தியின் எல்லையைக் காட்டும் முறை. தொடக்க பைட்டு, நீளம், தரவு, சரிபார்ப்புத்தொகை என்ற வரிசை வழக்கமானது:

```
AA 03 10 AA 22 9B
```

இங்கு 9B என்பது நீளத்தையும் தரவையும் XOR செய்த விடை. தரவுக்குள்ளும் AA வரலாம், சிக்கல் அங்கேதான். இரைச்சலில் முதல் AA சிதைந்தால், பெறும் பலகை இரண்டாம் AA-வைத் தொடக்கமாகக் கொண்டு, 22-ஐ (34 பைட்டு) நீளமாக எண்ணும். கட்டுப்பாடு இல்லையேல் அடுத்து வரும் ஐந்து நல்ல பாக்கெட்டுகளையும் அது விழுங்கிவிடும். ஆகவே நீளத்துக்கு உச்சவரம்பு, 16 என்பதுபோல, கட்டாயம் வேண்டும். வரம்பு மீறினாலோ சரிபார்ப்பு தவறினாலோ, படித்த அனைத்தையும் எறியாமல், பொய்த் தொடக்கத்துக்கு அடுத்த பைட்டிலிருந்தே மீண்டும் AA-வைத் தேட வேண்டும். பலரும் தவறவிடும் படி இது. பாதியில் நின்ற பாக்கெட்டைக் கைவிட நேரவரம்பும் தேவை. ஒரு பைட்டு சரிபார்ப்பு, தற்செயலான குப்பையில் சராசரியாக 256-க்கு ஒன்றை ஏற்றுவிடும். மோட்டாரை இயக்கும் கட்டளைகளுக்கு 16 பிட் சி.ஆர்.சி. ஏற்றது.