வாடகை வீடு பார்க்கப் போகிறீர்களா? முதல் சந்திப்பில் வீட்டுக்காரரை அழைக்கும் முறை

கேமரன் மலை தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கென கொடுக்கப்பட்ட வீடு, வேலை முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டியது. அதன் பிறகு தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் போன்ற ஊர்களில் வாடகை வீடு தேட வேண்டும். வீட்டுக்காரர் மலாய்க்காரராகவோ சீனராகவோ தமிழராகவோ இருக்கலாம்.

இந்திய வாடகைதாரர் வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு. அதனால் தொலைபேசியிலேயே உங்கள் பெயர், வேலை, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடுங்கள். மறுப்பு வருவதாக இருந்தால் பேருந்துச் செலவுக்கு முன்பே வந்துவிடும்.

வீட்டிற்குப் போனால் கேட்டை நீங்களே திறக்காதீர்கள். வெளியில் நின்று அழையுங்கள். மலாய்க்காரரிடம் நண்பகல் வரை 'செலாமாட் பாகி', பிற்பகலில் 'செலாமாட் பெத்தாங்' என்று சொல்லுங்கள். ஆணை 'என்சிக்', பெண்ணை 'புவான்' என்று அழைப்பது மரியாதை. எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கைநீட்ட வேண்டாம். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும். வயதான சீனரை 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்றழைப்பது இங்கே வழக்கம். தமிழர் என்றால் 'வணக்கம் ஐயா', 'வணக்கம் அம்மா'. முதல் நாளே 'அண்ணே' என்று உறவு கொண்டாடினால் பின்னர் வாடகை பேசுவது இரு தரப்புக்கும் சங்கடமாகும்.

மலையில் மழை அதிகம், காலணியில் சேறு இருக்கும். அதை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். அறைகளைச் சுட்டிக்காட்ட மலாய்க்காரர் முன் ஆள்காட்டி விரலை நீட்டாமல், வலது கைப் பெருவிரலால் காட்டுவது அவர்கள் வழக்கம்.

வாழ்த்து முடிந்ததும் வாடகையைக் குறைக்கச் சொல்லித் தொடங்காதீர்கள். "தண்ணீர், மின்சாரக் கட்டணம் யார் பெயரில் இருக்கிறது?" என்று பணிவாகக் கேளுங்கள். எதிரில் நிற்பவர் உண்மையான உரிமையாளரா என்பதற்கு இது முதல் தடயம். பெயர் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். மகன் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம்; அப்படியானால் உரிமையாளரிடமே ஒருமுறை பேசுங்கள். பதிலைத் தட்டிக்கழித்து "இன்றே முன்பணம் போடுங்கள், இன்னொருவர் காத்திருக்கிறார்" என்றால் ஒரு சென்னும் கொடுக்க வேண்டாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாத வாடகை 800 வெள்ளி என்றால், வழக்கமாக இரண்டு மாத வைப்புத்தொகை 1,600, தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம் 400, முதல் மாத வாடகை 800 என மொத்தம் 2,800 வெள்ளி கேட்பார்கள். முதல் சந்திப்பிலேயே இத்தொகையைத் தர வேண்டிய அவசியமில்லை. "வீட்டில் கலந்து பேசி நாளை சொல்கிறேன், என்சிக்" என்று நன்றி கூறி விடைபெறலாம். சொன்னபடி மறுநாள் அழைத்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று தெரிவித்துவிடுங்கள். பணம் கொடுப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, ரசீதுடன் இருக்கட்டும்.