ஏழு நிமிஷம்: இரட்டையர் கேள்வியும் சாத்திரியார்களின் பதில்களும்

கிராண்ட்பாஸில் எங்கட ஒழுங்கையில ரெண்டு அக்காமார் இருக்கிறாங்க. 1997இல் பிறந்த இரட்டையர். மூத்தவ பின்னேரம் 6.10க்கு, இளையவ 6.17க்கு. மூத்தவவுக்குக் கலியாணம் முடிஞ்சு நாலு வருஷம். இளையவவின் குறிப்பு போன மாசமும் திரும்பி வந்திட்டுது. ஏழாம் இடத்தில செவ்வாயாம்.

“அக்காவுக்கும் அதே இடத்திலதானே செவ்வாய்? அவவுக்கு எப்படிப் பொருந்தினது?” எண்டு அவங்கட அம்மா கேட்டிருக்கிறா. குறிப்புப் பார்த்தவர் சொன்ன பதில்: “ஏழு நிமிஷம் எண்டா சும்மாவா அம்மா?”

இந்தக் கேள்வியும் சரி, இந்தப் பதிலும் சரி, நேற்று வந்தவை அல்ல. குறைந்தது ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. அந்த ஏழு நிமிஷத்துக்குள்ள உண்மையில் என்ன மாறும், என்ன மாறாது எண்டு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ராமாயணத்துக்குப் போவோம். சுமித்திரையின் பிள்ளைகள் லட்சுமணனும் சத்துருக்கனனும் இரட்டையர். வான்மீகி இருவருக்கும் ஒரே நட்சத்திரத்தையும் ஒரே லக்கினத்தையும்தான் சொல்கிறார்: ஆயிலியம், கடகம். ஆனால் வாழ்க்கை ஒன்றல்ல. ஒருவன் பதினாலு வருஷம் அண்ணனோடு காட்டில் திரிகிறான். மற்றவன் நாட்டில் பரதனோடு நின்றுவிடுகிறான். சாதகம் ஒன்று, விதி ரெண்டு. வான்மீகிக்கு அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை.

அதே கதையைத் தமிழில் பாட வந்த கம்பர் இந்த இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்கிறார். லட்சுமணனுக்கு ஆயிலியமும் கடகமும் அப்படியே இருக்கின்றன. சத்துருக்கனனுக்கு மட்டும் மகமும் சிங்கமும். ஏன் மாற்றினார் எண்டு கம்பர் சொல்லவில்லை. ஆனால் அவர் தேர்ந்த இடத்தைப் பாருங்க. ஆயிலியம் கடக ராசியின் கடைசி நட்சத்திரம். மகம் சிங்க ராசியின் முதல் நட்சத்திரம். ரெண்டும் ஒரு கோட்டின் இரு பக்கங்கள். சந்திரனும் லக்கினமும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நேரத்தில் ஒரு தாய்க்கு ரெண்டு பிள்ளைகள் பிறந்தால், சில நிமிஷ இடைவெளியிலேயே ராசி, நட்சத்திரம், லக்கினம் மூன்றும் மாறிப்போகும். இரட்டையர் கேள்விக்கு ஒரு சாத்திரியார் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த பதில் இதுதான்: இடையில் ஒரு எல்லை கடந்துவிட்டது.

சரி, அந்த எல்லை எவ்வளவு அடிக்கடி கடக்கும்? கணக்கு லேசு. பூமி ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், கிழக்கு அடிவானத்தில் பன்னிரண்டு ராசிகளும் ஒரு நாளைக்குள் உதித்து முடிகின்றன. அப்படி உதிக்கிற ராசிதான் லக்கினம். ஆகவே ஒரு லக்கினத்துக்குச் சுமார் ரெண்டு மணித்தியாலம், அதாவது 120 நிமிஷம். ஏழு நிமிஷ இடைவெளிக்குள் லக்கினம் மாற ஏறக்குறைய பதினேழில் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. மற்றப் பதினாறு சோடிகளுக்கும் லக்கினம் ஒன்றே.

கிரகங்களோ அசைவதே இல்லை எண்டு சொல்லலாம். செவ்வாய் ஒரு நாள் முழுக்க நகர்ந்தாலும் அரைப் பாகை அளவுதான். வேகமாக ஓடுகிற சந்திரன்கூட ஏழு நிமிஷத்தில் ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்குதான் நகரும். அதனால் தசை இருப்பு மட்டும் கொஞ்சம் மாறும். ஆயிலியத்தில் பிறந்தால் புதன் தசை, மொத்தம் 17 வருஷம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அந்த விகிதப்படி ஏழு நிமிஷம் எண்டால் தசை மாறும் திகதி ஒரு மாதமளவு முன்பின்னாகும். அக்காவுக்கு ஆடியில் தொடங்குகிற தசை தங்கச்சிக்கு ஆனியில் தொடங்கும். ஒரு வாழ்க்கையை இன்னொரு வாழ்க்கையாக்க அது போதுமா?

போதாது எண்டு சாத்திரியார்களுக்கும் தெரியும். அதனால்தான் ரெண்டாவது பதில் வந்தது: இன்னும் நுணுக்கமாகப் பிரி.

இந்தப் பதிலின் பழைய வடிவம் உரோமாபுரியில் கிடைக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டில் நிகிடியஸ் எண்டு ஒரு சோதிட அறிஞர் இருந்தார். இரட்டையர் பற்றிக் கேட்டவர்களுக்கு முன்னால் குயவனின் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, அது சுற்றும்போதே ஒரே இடத்தில் படுகிற மாதிரி மையால் ரெண்டு தரம் விரைவாகத் தொட்டாராம். சக்கரம் நின்றதும் பார்த்தால் ரெண்டு புள்ளிகளும் தூரத்தூர இருந்தன. வானமும் இப்படித்தான் சுற்றுகிறது, உங்களுக்குக் கணம் போலத் தெரிவது அங்கே பெரிய தூரம் எண்டது அவர் வாதம். அதற்குப் பிறகு அவருக்குக் குயவன் எண்டே பட்டப்பெயர் விழுந்ததாகக் கதை.

அஞ்சாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கதையை எடுத்து எழுதியவர் புனித அகுஸ்தினார். அந்தச் சக்கரத்தில் செய்த சட்டியைவிட இந்த வாதம் லேசாக உடையும் எண்டு நக்கலடித்துவிட்டு அவர் கேட்டது இதுதான். அந்த நுண்ணிய வித்தியாசம் அவ்வளவு முக்கியம் எண்டால், அதை அளக்காமல் மற்ற எல்லாருக்கும் எப்படிப் பலன் சொல்லுறீங்க? இந்தக் கேள்வியைக் கையில் வைத்திருங்க. கடைசியில் தேவைப்படும்.

எங்கட பக்கத்து முறைகள் இந்தப் பிரிவை இன்னும் தூரம் கொண்டுபோயின. ஒரு ராசியை ஒன்பதாகப் பிரித்தால் நவாம்சம், ஒவ்வொன்றும் சுமார் 13 நிமிஷம். அறுபதாகப் பிரித்தால் சஷ்டியாம்சம், ரெண்டு நிமிஷம். சில நாடி நூல்கள் ஒரு ராசியை 150ஆகப் பிரிக்கின்றன. அதில் ஒரு பங்கு வெறும் 48 செக்கன்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி (1908–1972) இன்னொரு வழி கண்டார். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தசை வருஷங்களின் விகிதப்படி சமமில்லாத ஒன்பது துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டின் அதிபதிதான் பலனைத் தீர்மானிக்கிறார் எண்டார். இன்று கே.பி. முறை எண்டு சொல்லப்படுவது இதுதான். லக்கினம் சூரியனின் துண்டை மூன்று நிமிஷத்துக்குள் கடந்துவிடும். சுக்கிரனின் துண்டுக்கு ஒன்பது நிமிஷம் அளவில் எடுக்கும். ஏழு நிமிஷ இடைவெளியில் பிறந்த இரட்டையருக்குப் பெரும்பாலும் வெவ்வேறு துண்டுகள் விழும். கே.பி. முறையைப் படித்தவர்கள் இரட்டையர் கேள்வியைக் கண்டு பயப்படாமல், அதையே தங்கட முறைக்குச் சான்றாகக் காட்டுவது இதனால்தான்.

வேறு பதில்களும் உண்டு. ரெண்டாவது பிள்ளைக்கு லக்கினத்தை விட்டு மூன்றாம் இடத்தை, அதாவது இளைய சகோதர தானத்தை, லக்கினமாக வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஏழாமிடத்துச் செவ்வாய் அஞ்சாமிடத்துக்குப் போய்விடும், தோஷமும் போய்விடும். எங்கட இளைய அக்காவுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. இன்னும் சிலர் பூர்வ கர்மம் எண்டு முடித்துவிடுவார்கள். சாதகம் கர்மத்தைக் காட்டும் கண்ணாடி எண்டு சொல்லிக்கொண்டு, ரெண்டு கர்மம் ஒரே கண்ணாடியில் ஒரே மாதிரித் தெரியும் எண்டும் சொன்னால், அந்தக் கண்ணாடியால் என்ன பயன் எண்டு கேட்கத் தோன்றுகிறது.

நுணுக்கமாகப் பிரிக்கிற பதிலுக்குத் திரும்புவோம். அதுதான் இருப்பதில் உறுதியான பதில். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ரெண்டு நிமிஷம் முக்கியம் எண்டால், பிறந்த நேரம் ரெண்டு நிமிஷத்துக்குள் சரியாக இருக்கவேண்டும். வார்டுச் சுவரில் தொங்குகிற மணிக்கூடு எவ்வளவு சரி? தாதி எந்தக் கணத்தில் நிமிர்ந்து பார்த்தா? தலை வெளியே வந்தபோதா, பிள்ளை அழுதபோதா, கொடி அறுத்தபோதா? எது பிறப்பு எண்டதிலேயே சாத்திரியார்களுக்குள் ஒரே கருத்து இல்லை. சிசேரியனில் ரெண்டு பிள்ளைகளும் ஓரிரு நிமிஷத்துக்குள்ளேயே வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எங்கட நாட்டிலேயே இருக்கிறது. இதை வாசிக்கிற பலர் அந்தக் காலத்தில்தான் பிறந்திருப்பீங்க. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே 25ஆம் திகதி இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளப்பட்டன. அதே வருஷம் ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னால் வந்தன. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15ஆம் திகதி வரைக்கும் அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரம்தான் ஓடியது. ஒரே நாட்டில், ஒரே கணத்தில் பிறந்த ரெண்டு பிள்ளைகளின் துண்டுகளில் வெவ்வேறு நேரம் எழுதப்பட்ட காலம் அது.

1997இல் கொழும்பில் 6.10 எண்டால் பழைய கணக்கில் 5.40. குறிப்பு எழுதினவர் இதைக் கழிக்க மறந்தால் அரை மணித்தியாலப் பிழை. அரை மணித்தியாலத்தில் லக்கினம் மாற நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. லக்கினம் மாறினால் செவ்வாய் நிற்கிற இடத்தின் எண்ணும் மாறும். நவாம்சம் கட்டாயம் மாறும். சஷ்டியாம்சம் பதினைந்து தரம் தாண்டிப் போயிருக்கும். இதோடு வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு பஞ்சாங்கம். ஒரே நட்சத்திரம் முடிகிற நேரமே ரெண்டிலும் வேறுவேறு. சில நாட்களில் அந்த வித்தியாசம் அரை மணித்தியாலத்தைத் தாண்டும்.

இரட்டையர் கேள்வியை மறுபக்கத்தால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1958 மார்ச் 3 முதல் 9 வரை லண்டனில் பிறந்த ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஜெஃப்ரி டீன் எடுத்தார். இவர் முன்பு சோதிடம் பார்த்தவர். பிறந்த நேர வரிசையில் அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு இடையே சராசரி அஞ்சு நிமிஷம்கூட இல்லை. வளர்ந்த பிறகு அவர்களிடம் அளந்த நூற்றுக்கு மேற்பட்ட விஷயங்களில், அடுத்தடுத்துப் பிறந்தவர்கள் மற்றவர்களைவிட ஒத்திருக்கிறார்களா எண்டு பார்த்தார். அப்படி ஒரு ஒற்றுமை தெரியவில்லை. ஐவன் கெல்லியோடு சேர்ந்து 2003இல் இதை வெளியிட்டார். நிமிஷ வித்தியாசத்தால் எல்லாம் மாறும் எண்டு சாத்திரியார் இதற்கும் பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால், நிமிஷம் சரியாகத் தெரியாத எந்தக் குறிப்புக்கும் அவர் பலன் சொல்ல முடியாது.

அகுஸ்தினார் கேட்டது இதைத்தான். எங்கட ஒழுங்கை அம்மாவிடம் நானும் இதைச் சொன்னேன். அவ அலுமாரியில் இருந்து ரெண்டு குறிப்பையும் எடுத்துக்கொண்டு வந்தா. மஞ்சள் பூசிய பழைய கொப்பிகள். ரெண்டிலும் பிறந்த நேரம் வடிவாக எழுதியிருக்கு. அது பழைய நேரமா, புது நேரமா எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. எந்தப் பஞ்சாங்கம் எண்டும் இல்லை. எழுதினவர் இப்ப உயிரோட இல்லை.

1996 மேக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள் உங்கட குறிப்பையும் ஒருக்கா எடுத்துப் பாருங்க. உங்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கு எண்டு பார்க்கிறதுக்கு முதல், எந்த மணிக்கூட்டை வச்சு எழுதினது எண்டு பாருங்க. இளைய அக்கா அந்தக் கொப்பியை இன்னும் உள்ளே வைக்கவில்லை. அடுத்த முறை ஏழு நிமிஷம் எண்டு ஆராவது சொன்னால், அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றிக் கேட்கப் போறாவாம்.