குத்தூசிக் கழிவகற்றல் (மொன்றியல் வீடுகளில்)

குத்தூசிக் கழிவகற்றல் என்பது வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்க்க விரலில் குத்திய ஊசியையும் (லான்செட்) இரத்தம் தொட்ட சோதனைப் பட்டையையும் பிறர் மேல் படாமல் அகற்றும் முறை.

மொன்றியலில் மருந்துக்கடையிலும் சிஎல்எஸ்சி எனப்படும் சமூக சுகாதார மையத்திலும் கூர்பொருள் பெட்டி பெறலாம். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடித் திருப்பிக் கொடுக்கலாம். மறுசுழற்சித் தொட்டி இதற்குரிய இடமன்று. அங்கே போடும் ஊசி, பொருள்களைக் கையால் தரம் பிரிக்கும் தொழிலாளியின் விரலைத் தேடிப் போகும். பட்டை கூரற்றது; கட்டிய பையில் சாதாரணக் குப்பையுடன் போகலாம்.

தவறுதலாக ஊசி குத்துவது பெரும்பாலும் சோதனைக்குப் பின்னர்தான்: கழற்றும்போது, அல்லது மேசையில் விட்டுவைத்த பிறகு. ஆகவே பெட்டியைச் சோதிக்கும் இடத்திலேயே, குழந்தைக்கு எட்டாமல் வைப்பது வழக்கம். பேனா வகைக் கருவியில் தள்ளுவிசை இருந்தால் ஊசியை விரலால் பிடுங்காமல் நேரே பெட்டிக்குள் தள்ளலாம். தானே உள்வாங்கும் ஊசியும் கிடைக்கிறது. பிறருக்குச் சோதிப்பவருக்கு அதுவே ஏற்றது.

ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாங்கும். ஆகவே பிறர் பயன்படுத்திய ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பாலும் நீராலும் கழுவி, தாமதமின்றி மருத்துவ உதவி பெற வேண்டும். 811 எண்ணில் தாதியர் ஆலோசனை கிடைக்கும்.