அறுபது நடக்குது

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் 1952 மார்ச்சில் இறந்த என் பூட்டனுக்கு, மரணச் சான்றிதழ் 60 வயது போட்டிருக்கிறது. கழித்தால் பிறப்பு 1891 அல்லது 1892. ஆனால் வயதைச் சொன்னது மகன். "அறுபது நடக்குது" என்று சொல்லியிருந்தால் முடிந்தது 59தான். பிறப்பு ஓராண்டு பிந்தும்.

அந்தக் காலத்து இந்தியக் குடிக்கணக்கு அட்டவணைகளில் 30, 40, 50 வயதுகளில் ஆட்கள் குவிந்திருப்பார்கள். 29, 31இல் குறைவு. பிறந்த தேதி தெரியாதவங்க குத்துமதிப்பாச் சொன்ன முழு எண்களின் தடம் அது. ஆக, இந்த 60ஐயும் அப்படியே நம்ப முடியாது.

1948 கடைசியில் எடுத்த அடையாள அட்டையில், அவரே சொன்ன வயது 53. அப்படியானால் 1894 அல்லது 1895. முழு எண்ணும் இல்லை, அடுத்தவர் வாய்ச்சொல்லும் இல்லை. இதன் பக்கமே சாய்கிறேன்.

"கல்லறையில 'சுமார்'னு போடணுமா?" என்றார் சித்தப்பா.

போடணும். சுமார் 1894.