குடவோலையை நடித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல தேர்தல் நடந்தது." பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, தேர்வில் ஒரு கேள்வி, அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கல்வெட்டை நிதானமாகப் படித்தால் அது ஒரு கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான செயல்முறைக் குறிப்பு என்பது புரியும். யார் எங்கே உட்கார வேண்டும், யார் எழுந்து நிற்க வேண்டும், ஓலையைக் கையில் எப்படி வாங்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட நடித்துப் புரிந்துகொள்வது எளிது. உள்ளாட்சி பற்றிய குடிமையியல் பாடத்துக்காக, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் இதைச் செய்து பார்த்தோம். அதில் கிடைத்த விஷயங்களே இந்தப் பதிவு.

முதலில் அடிப்படைத் தகவல். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. இன்னொன்று 14ஆம் ஆண்டு, கி.பி. 921. இரண்டும் ஊர் மகாசபை தன் வாரியங்களுக்கு ஆட்களை எடுக்கும் முறையைச் சொல்கின்றன. இரண்டாவது, முதலாவதைத் திருத்தி விரிவாக்கியது. உதாரணமாக, முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் அது 35 முதல் 70. மென்பொருள் பாஷையில் சொன்னால் இரண்டு வருஷத்தில் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பதிப்பு.

அந்த ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. நாங்கள் அதை 5 குடும்பாகச் சுருக்கினோம். குடும்புக்கு 6 பேர், ஆக 30 அட்டைகள். மீதி ஆறு பேருக்குத் தனி வேடம்: மத்யஸ்தன், மூத்த நம்பி, இன்னும் இரண்டு நம்பிமார், ஒரு சிறுவன், அரசன் அனுப்பிய அதிகாரி. (கோயில் அர்ச்சகர்களைத்தான் கல்வெட்டு நம்பிமார் என்கிறது.) அதிகாரி அட்டையைப் பலர் மறந்துவிடுவார்கள். ஊர் தானாகவே எல்லாவற்றையும் முடிவு செய்தது என்று நினைப்போம். ஆனால் அரசனின் ஆணை வந்து, அவனுடைய அதிகாரி கூட உட்கார்ந்திருக்கத்தான் சபை இந்த ஏற்பாட்டைச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது.

குடும்புக்காரர்களின் அட்டையில் ஆறு வரிகள்: வயது, நிலம், வீடு, படிப்பு, கடைசியாக வாரியத்தில் இருந்த வருஷம், கணக்குக் காட்டினாரா இல்லையா. இந்த ஆறும் கல்வெட்டு கேட்கிற கேள்விகள்தான். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர், ஆக கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்றால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. இவை தவிர திருடியவர், கழுதை மேல் ஏறியவர் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. கழுதை வந்ததும் வகுப்பில் ஒரே சிரிப்பு. அந்தக் காலத்தில் கழுதையில் ஏற்றி ஊர்வலம் விடுவது அவமானத் தண்டனை என்று சொன்னபிறகுதான் அடங்கியது.

முதல் சுற்று வடிகட்டல். அட்டையைப் பார்த்து யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்று குடும்புக்காரர்களே முடிவு செய்ய வேண்டும். 30 பேரில் பலர் இங்கேயே வெளியே போனார்கள். ஒரு குடும்பில் ஐந்து பேர் தேறினார்கள், இன்னொன்றில் மூன்றே பேர். இந்த மூன்று பேர் குடும்பு பின்னால் முக்கியமாகும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சுற்று குடவோலை. தேறியவர்களின் பெயரை ஆளுக்கொரு ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஒரு வாயோலை வைத்து, எல்லாக் கட்டையும் ஒரு குடத்தில் போட வேண்டும். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, ஊரில் இருக்கும் நம்பிமார் ஒருவர் விடாமல் சபை மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு வெறும் குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்யஸ்தன் கையில் கொடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் எழுதப்படும்.

மத்யஸ்தனாக நடித்த பையன் முதல் தடவை சாதாரணமாக, விரலை மடக்கி ஓலையை வாங்கினான். உடனே பின்வரிசையிலிருந்து, "அண்ணா, அவன் கையில வேற சீட்டு வெச்சிருந்தா?" என்று ஒரு குரல். விரித்த ஐந்து விரலுக்கு நான் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட திருட்டைத் தடுக்க வைத்தது. குடத்தைத் தூக்கிக் காட்டுவது யாரும் தனியாக அதில் கை வைக்காமல் இருக்க. சிறுவன், ஓலையைத் தேடி எடுக்காமல் இருக்க. எல்லோரும் வாசிப்பது பெயரை மாற்றிச் சொல்லாமல் இருக்க.

அப்போது ஒரு பெண் கேட்டாள்: "இதுல ஓட்டு எப்பப் போடுவோம்?" அதுதான் சரியான கேள்வி. ஓட்டே கிடையாது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, குடம் எடுத்தது. தகுதி இருக்கிறதா என்பதை மனிதர்கள் பார்த்தார்கள். தகுதி உள்ளவர்களில் யார் என்பதைக் குலுக்கலிடம் விட்டார்கள். "தேர்தல் நடந்தது" என்ற அந்தப் பிரபலமான வாக்கியம் இந்த இடத்தில் நிற்காது.

இப்படி வருகிற 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். எங்கள் ஐந்து பேரை அதே விகிதத்தில் 2, 2, 1 என்று பிரித்தோம். சம்வத்சர வாரியத்துக்கு முன்பு தோட்டத்திலும் ஏரியிலும் வேலை பார்த்தவர்கள், படிப்பிலும் வயதிலும் மூத்தவர்கள் போக வேண்டும். 360 நாள் முடிந்ததும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

ஒரு வருஷத்தோடு நிறுத்தாமல் நான்கு வருஷம் ஆட விட்டோம். சும்மா படித்தால் கண்ணில் படாத ஒரு விஷயம் இங்கே வந்தது. மூன்று பேர் குடும்பில் முதல் வருஷம் ஒருவர், இரண்டாம் வருஷம் ஒருவர், மூன்றாம் வருஷம் கடைசி ஆள். நான்காம் வருஷம் கட்டில் ஓலையே இல்லை. முதல் வருஷம் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கி இருந்து ஐந்தாம் வருஷம்தான் திரும்ப வர முடியும். அதாவது இந்த விதி ஓட வேண்டுமென்றால் குடும்புக்குக் குறைந்தது நான்கு தகுதியான ஆட்கள் வேண்டும். 30 குடும்புக்கு 120 பேர். பொன் வாரியம், பஞ்சவார வாரியத்துக்குத் தனியாக ஆள் எடுப்பதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இந்த எண் கல்வெட்டில் இல்லை, விதியிலிருந்து நான் போட்ட கணக்கு. இத்தனை நிலமும் படிப்பும் உள்ள ஆட்கள் இருந்த ஊருக்குத்தான் இப்படி ஒரு விதி சாத்தியம். அதை அப்படியே எல்லாச் சோழ ஊருக்கும் நீட்ட முடியாது.

இனி கணக்கு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, மகன், மாமன், மருமகன், அத்தை மகன், மாமன் மகன், சித்தி பெரியம்மா மகன்கள் என்று உறவுக்காரர்கள் பெயரும் ஏறாது. நாங்கள் ஓர் அட்டையில் "கணக்குக் காட்டவில்லை" என்று எழுதி, அதே குடும்பில் இரண்டு பேருக்கு அவருடைய உறவு கொடுத்திருந்தோம். அந்தக் குடும்பில் மூன்று அட்டை ஒரே அடியில் போயிற்று. "எங்க மாமா பண்ணதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று மருமகன் சண்டைக்கு வந்தான். நியாயம்தான். இன்றைய சட்டத்தில் அப்படி ஒரு விதி நிற்காது. ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பதும் தெரிந்துபோனது: அடுத்த சுற்றில் அந்த மருமகனே போய், "மாமா, கணக்கைக் குடுத்துடுங்க" என்று நச்சரித்தான். கணக்குக் கேட்கும் வேலையைச் சபை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

முடிவில் ஒரு கேள்வி கேட்டோம்: இந்த மண்டபத்தில் யாருக்கு அட்டையே இல்லை? பெண்களுக்கு இல்லை. நிலம் இல்லாமல் உழுதவர்களுக்கு இல்லை. வேதம் படிக்காதவர்களுக்கு இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். "தறிக்காரங்க?" என்றான் ஒருவன். உத்திரமேரூர் சபை பிராமண ஊரின் சபை, அதில் இல்லை. ஆனால் காஞ்சி நகரத்தில் கதை வேறு. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் செப்பேடு, அதே பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சி ஊரகம் கோயிலின், அதாவது உலகளந்த பெருமாள் கோயிலின், நிர்வாகப் பொறுப்பை அது நகரத்து நெசவாளர் சேரிகளிடம் கொடுக்கிறது. கோயில் கணக்கைச் சரிபார்க்கும் இடத்திலும் சேரிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரே வட்டாரம், ஒரே நூற்றாண்டு. ஒரு மண்டபத்தில் அட்டை இல்லாதவர், இன்னொரு மண்டபத்தில் கணக்கைத் தணிக்கை செய்கிறார்.

மதியத்துக்கு மேல் அதே பிள்ளைகளுக்கு இன்றைய அட்டைகளைக் கொடுத்தோம். காஞ்சிபுரம் 2021ல் மாநகராட்சி ஆனது, 51 வார்டுகள். அட்டையில் நிலம், வேதம் என்ற வரிகள் போய்விட்டன. 21 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் வந்தன. இடங்களில் பாதி பெண்களுக்கு. மேயர், கவுன்சிலர்கள், ஆணையர் என்று வேடம் மாறியது. ஒரு வார்டு மழைநீர் வடிகாலுக்குத் தீர்மானம் போட்டார்கள். ஓட்டெடுத்து நிறைவேற்றினார்கள், ஆணையர் அதைச் செய்ய வேண்டும். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. "போன தடவை போட்ட வடிகால் கணக்கு எங்க?" என்று காலையில் மருமகனாக இருந்த பையன் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல மேயரிடமும் அட்டை இல்லை, ஆணையரிடமும் இல்லை. அந்த வரியை நாங்கள் எழுதவில்லை.

இன்று தணிக்கைக்கென்று தனி அரசுத் துறை இருக்கிறது, அறிக்கையும் வருகிறது. ஆனால் ஊர் கூடியிருக்க எல்லோரும் கேட்கும்படி வாசிக்கும் அந்தப் பழைய படி அதில் இல்லை. அடுத்த தடவை இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் மேயர் அட்டையையும் ஆணையர் அட்டையையும் எழுதும்போது, "போன வருஷக் கணக்கு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பத்து நிமிஷத்தில் முடியாது.