மாற்று வசனம்

மாற்று வசனம் என்பது திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தொடரின் வசனப் பிரதியில், ஒரே இடத்திற்கென எழுதப்படும் ஒன்றுக்கு மேற்பட்ட வசனங்களைக் குறிக்கும். பொதுவாக இவை பாதுகாப்பான வடிவம், துணிச்சலான வடிவம், குறுகிய வடிவம் என மூன்று வகைப்படும். நடிகர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நடிப்பர். எதைப் பயன்படுத்துவது என்பது படத்தொகுப்பின்போது முடிவு செய்யப்படும்.

தேவை

தணிக்கையில் ஒரு சொல் மறுக்கப்பட்டால் அதன் ஒலியை நீக்கலாம். அல்லது வேறு சொல்லைப் பின்னணிக் குரலாகச் சேர்க்கலாம். ஆனால் அண்மைக் காட்சியில் நடிகரின் உதட்டசைவு பழைய சொல்லையே காட்டிவிடும். மாற்று வசனம் முன்பே படமாக்கப்பட்டிருந்தால் இச்சிக்கல் எழுவதில்லை. இந்தியாவில் திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் தனிச் சான்றிதழ் பெற வேண்டும். குறுகிய வடிவம் காட்சியின் நீளத்தைக் குறைக்க உதவுகிறது.

எழுதும் முறை

மாற்று வசனங்களுக்கு ஒரே எண்ணும் வெவ்வேறு எழுத்தும் இடப்படும். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் வந்து நிற்கும் காட்சி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

12அ (பாதுகாப்பானது): "மூணு மாச வாடகை பாக்கி. உங்களை நம்பினது என் தப்பு. சாவியைக் கொடுங்க."

12ஆ (துணிச்சலானது): "மூணு மாச வாடகை பாக்கி. மானம் இருக்கிறவன் தானே காலி பண்ணியிருப்பான். சாவியைக் கொடுங்க."

12இ (குறுகியது): "மூணு மாசம் ஆச்சு. சாவியைக் கொடுங்க."

13: "பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும் சார்."

மூன்றும் ஒரே தொடரில் முடிவதால், 13ஆம் வசனம் மூன்றுக்கும் பொருந்துகிறது. 12ஆ வடிவத்தில் வசவு படர்க்கையில் அமைந்துள்ளது. அதை "உனக்கு மானம் இருக்கா?" என எழுதியிருந்தால், 'நீங்கள்' என்னும் மரியாதை வழக்கு முறிந்திருக்கும். அதன்பின் இருவரும் சந்திக்கும் காட்சிகளும் அதற்கேற்ப மாறவேண்டியிருக்கும். 12இ வடிவத்தில் 'வாடகை' என்னும் சொல் இல்லை. எனவே முந்தைய வசனங்களில் அச்செய்தி இடம்பெற்றுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

ஏற்படும் பிழைகள்

"மானத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க" என்பது போன்ற பதில், துணிச்சலான வடிவத்திற்கு மட்டுமே பொருந்தும். ஆகவே அதனை 13ஆ எனத் தனியே எழுதிப் படமாக்க வேண்டும்.

கேட்பவரின் முகபாவமும் வடிவத்திற்கேற்ப வேறுபடும். வசவைக் கேட்டு அதிர்ந்த முகத்தை, பாதுகாப்பான வசனத்தின் பின் இணைத்தால் அந்த அதிர்ச்சி காரணமற்றதாகத் தோன்றும். எனவே ஒவ்வொரு வடிவத்திற்கும் கேட்பவரின் முகத்தையும் படம்பிடித்து, எந்த எடுப்பில் எந்த வடிவம் பேசப்பட்டது எனப் படப்பிடிப்புக் குறிப்பில் பதிவு செய்வது அவசியமாகும்.

எடுத்துக்காட்டு

அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. ஆடம் மெக்கே இயக்கிய 'ஆங்கர்மேன் 2' 2013 டிசம்பரில் வெளியானது. அதன் நகைச்சுவை வசனங்களுக்குப் பதிலாக வேறு வசனங்கள் இடம்பெற்ற, கூடுதல் நீளமுள்ள மற்றொரு வடிவம் 2014இல் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது. இதில் 763 புதிய நகைச்சுவைகள் உள்ளதாக விளம்பரம் செய்யப்பட்டது.